மூச்சு இழுத்தால் குத்துகிறது: புளூரிசி என்றால் என்ன?

“ஆழமா மூச்சு இழுத்தா இங்க குத்துது” என்று ஒருவர் விலாவில் ஒரு விரலை வைத்துக் காட்டினால், சுற்றியிருப்பவர்களிடம் பதில் தயாராக இருக்கும். ஒருவர் வாயு என்பார், இன்னொருவர் மூச்சுப் பிடிப்பு என்பார். சளி கட்டியிருக்கிறது என்பார் மூன்றாமவர். கொஞ்சம் பயந்த சுபாவக்காரர் இருந்தால் நேரே மாரடைப்புக்குப் போய்விடுவார். புளூரிசி என்ற சொல் காதில் விழுந்திருப்பவர்களும் பெரும்பாலும் அதை ‘நுரையீரல் வலி’ என்றோ ‘நுரையீரலில் நீர்’ என்றோதான் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

இரண்டுமே சரியில்லை. நுரையீரலுக்கு வலிக்கவே தெரியாது. நீர் சேர்ந்தால் சேர்வது நுரையீரலுக்குள் அல்ல, அதற்கு வெளியே. அதைவிட முக்கியம், நீர் சேரும்போது பல நேரம் அந்த வலி குறைந்துவிடுகிறது. இந்தக் கடைசி விஷயம் புரியாமல் போவதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். அதனால் இந்தக் கட்டுரை அதை நோக்கித்தான் போகிறது.

## பைக்குள் ஒரு முஷ்டி

மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்து, உள்ளே சில சொட்டுத் தண்ணீர் விட்டு, காற்றையெல்லாம் வெளியேற்றி வாயைக் கட்டிவிடுங்கள். இப்போது உங்கள் முஷ்டியை வெளிப்பக்கத்திலிருந்து அந்தப் பைக்குள் அழுத்துங்கள். முஷ்டி பைக்கு உள்ளே போகவில்லை. ஆனால் பை முஷ்டியைச் சுற்றி இரண்டு அடுக்காகப் போர்த்திக்கொள்கிறது. ஓர் அடுக்கு தோலோடு ஒட்டியிருக்கிறது. இன்னொன்று அதற்கு மேல், வெளியே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே அந்தச் சில சொட்டுத் தண்ணீர்.

முஷ்டிதான் நுரையீரல். பைதான் புளூரா, அதாவது நுரையீரல் உறை. நுரையீரலோடு ஒட்டியிருக்கும் அடுக்கை உள் படலம் என்றும், நெஞ்சுக்கூட்டின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் அடுக்கைச் சுவர்ப் படலம் என்றும் சொல்லிக்கொள்வோம். இடது, வலது நுரையீரல்களுக்குத் தனித்தனிப் பைகள்.

நடுவே இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். அதிலுள்ள திரவமும் அப்படியொன்றும் அதிகமில்லை. சராசரி எடையுள்ள ஒருவருக்கு ஒரு பக்கத்தில் 10 மில்லிலிட்டருக்கும் குறைவு, இரண்டு டீஸ்பூன்கூடத் தேறாது. அதுவும் தேங்கிக் கிடப்பதில்லை. சுவர்ப் படலத்தின் ரத்தக் குழாய்களிலிருந்து கசிந்துகொண்டே இருக்கிறது, அதே படலத்தில் இருக்கும் நுண்ணிய வடிகால்கள் வழியாக வெளியேறிக்கொண்டே இருக்கிறது.

இந்த ஈரம் எதற்கு? ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு ஓடும், ஆனால் நேராகப் பிரிக்கப் பார்த்தால் வராது. புளூராவுக்கு வேண்டியது இந்த இரண்டும்தான். விலா எலும்புகள் விரியும்போது சுவர்ப் படலம் வெளியே போகிறது, பிரிய முடியாத உள் படலமும் கூடவே போகிறது, அது நுரையீரலை இழுத்து விரிக்கிறது. அப்படி விரியும்போது இரண்டு படலங்களும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கவும் வேண்டும். நிமிடத்துக்கு 15 முறை மூச்சு விடுகிறோம் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 21,600 முறை இந்த வழுக்கல் நடக்கிறது. நமக்கு ஒன்றுமே தெரிவதில்லை.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: நுரையீரலைச் சுற்றி இரண்டு படலம், நடுவே துளி ஈரம், ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு வழுக்கல்.

## வழுக்கல் உரசலாக மாறும்போது

கண் சிவந்து வீங்கியிருக்கும் நாளை நினைத்துப் பாருங்கள். கண்ணுக்குள் மணல் கிடப்பதுபோல் இருக்கும். கண்ணாடியில் பார்த்தால் மணல் ஒன்றும் இருக்காது. இமையின் உட்பக்கம் புண்ணாகிச் சொரசொரப்பாகியிருப்பதால், வழக்கமான இமைப்பே உறுத்தலாகிவிடுகிறது. புளூரிசியும் கிட்டத்தட்ட இதேதான். ஒரே வித்தியாசம், கண்ணை மூடி ஓய்வு கொடுக்கலாம், மூச்சுக்கு அந்த வசதி இல்லை.

படலத்தில் கிருமித் தொற்றோ வேறு காயமோ ஏற்பட்டால் உடல் அந்த இடத்துக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டி, பாதுகாப்பு அணுக்களையும் புரதங்களையும் அனுப்புகிறது. இடம் சிவக்கிறது, வீங்குகிறது, வலிக்கிறது. இந்த எதிர்வினைக்குப் பெயர் அழற்சி. புளூராவில் வரும் அழற்சிதான் புளூரிசி. இப்படிக் கசிந்து வரும் புரதங்களில் ஒன்று ஃபைப்ரின். தோலில் காயம் பட்டால் ரத்தத்தை உறைய வைத்துப் பொருக்குக் கட்ட உதவும் அதே நார்ப்பொருள்தான் இது. காயத்தில் அது நல்ல வேலை செய்கிறது. வழுக்க வேண்டிய பரப்பில் வந்து படிந்தால் பரப்பு முரடாகிவிடுகிறது.

இப்போது மூச்சு இழுத்தால் இரண்டு முரட்டுப் பரப்புகள் ஒன்றின்மேல் ஒன்று தடுக்கித் தடுக்கி நகர்கின்றன. மருத்துவர் ஸ்டெதஸ்கோப் வைத்தால் இந்த உரசலைக் காதாலேயே கேட்க முடியும். புதுத் தோல் செருப்பு நடக்கும்போது போடும் கிறீச்சொலியைப் போல இருக்கும், மூச்சு உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும். சளி இருப்பதால் வரும் கரகரப்பு ஓர் இருமலில் மாறிவிடலாம், உரசல் ஒலி மாறாது. மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் சட்டென்று நின்றுவிடும். இதயத்தைச் சுற்றியும் இதுபோல் ஓர் உறை உண்டு, அதிலும் அழற்சி வரும், அதுவும் உரசும். ஆனால் மூச்சைப் பிடித்தாலும் இதயம் துடித்துக்கொண்டே இருப்பதால் அந்த ஒலி நிற்காது. கருவியொன்றும் கூடுதலாக வேண்டாம், பத்து விநாடியில் இரண்டையும் பிரித்துவிடலாம்.

உரசல் ஒலி எல்லோருக்கும் கேட்காது என்பதையும் சொல்ல வேண்டும். ஒலி கேட்கவில்லை என்பதால் புளூரிசி இல்லை என்று ஆகிவிடாது.

## வலிப்பது எது?

நுரையீரலிலும் அதை ஒட்டிய உள் படலத்திலும் குத்தலை உணர்த்தும் நரம்புகள் இல்லை. நுரையீரலின் நடுப்பகுதியில் ஒரு கட்டி மாதக்கணக்கில் சத்தமில்லாமல் வளர முடிவதற்கு இதுவும் ஒரு காரணம். வலிப்பது சுவர்ப் படலம். விலா எலும்புகளுக்கு இடையே ஓடும் நரம்புகளின் கிளைகள் அதில் நிறைந்திருக்கின்றன. தோலுக்கு உணர்வு தருவதும் இதே நரம்புகள்தான். அதனால்தான் புளூரிசிக்காரர் ‘நெஞ்செல்லாம் வலிக்கிறது’ என்று சொல்லாமல் ஒரு விரலால் இடத்தைக் காட்டிவிடுகிறார்.

அழற்சி நடக்கும் இடத்தில் சுரக்கும் ரசாயனங்கள் இந்த நரம்பு முனைகளின் பொறுமையைக் குறைத்துவிடுகின்றன. வெயிலில் கருகிய தோலில் சட்டை பட்டாலே எரிவதுபோல, சாதாரண அசைவே தாங்காது. உரசல் மட்டுமல்ல, மூச்சில் படலம் இழுபட்டு விரிவதும் சேர்ந்தே குத்துகிறது. இருமல், தும்மல், சிரிப்பு, படுக்கையில் புரள்வது என எதெல்லாம் நெஞ்சைச் சட்டென்று அசைக்கிறதோ அதெல்லாம் கத்தி. வலிக்கிற பக்கத்தைக் கீழே வைத்து ஒருக்களித்துப் படுப்பவர்களைப் பார்த்திருக்கலாம். அந்தப் பக்கம் அழுந்தி அசைவு குறைவதால் கிடைக்கும் நிம்மதி அது.

அப்படியென்றால் நிமோனியா வந்த எல்லோருக்கும் ஏன் இப்படிக் குத்துவதில்லை? நிமோனியா என்பது நுரையீரலின் காற்றறைகளில் வரும் தொற்று. அது நடுப்பகுதியில் இருந்தால் காய்ச்சலும் இருமலும்தான் இருக்கும். விளிம்பு வரை பரவி, உள் படலத்தைத் தாண்டி எதிரே இருக்கும் சுவர்ப் படலத்தையும் சீண்டினால்தான் குத்தல். பக்கத்து வீட்டுத் தீயின் அனல் நம் சுவரைத் தொட்டால்தான் நமக்குச் சுடும்.

இங்கே ஒரு விசித்திரமும் இருக்கிறது. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் குடை போன்ற தசைக்கு உதரவிதானம் என்று பெயர். அதன் மேற்பரப்பிலும் சுவர்ப் படலம் போர்த்தியிருக்கிறது. குடையின் நடுப்பகுதிக்கு வரும் நரம்பு விலாவிலிருந்து வருவதில்லை, கழுத்திலிருந்து இறங்கி வருகிறது. தோள்பட்டைத் தோலிலிருந்து செய்தி கொண்டு போகும் நரம்புகளும் தண்டுவடத்தில் அதே இடத்தில்தான் நுழைகின்றன. மூளைக்கு இரண்டையும் பிரிக்கத் தெரிவதில்லை. அழற்சி நுரையீரலின் அடியில் இருக்க, நோயாளி தோளைத் தேய்த்துக்கொண்டிருப்பார். குடையின் ஓரங்களிலோ கீழ் விலா நரம்புகள் ஓடுவதால், அங்கே அழற்சி வந்தால் மேல்வயிறு வலிப்பதுபோல் இருக்கும். நெஞ்சில் இருக்கும் கோளாறுக்கு வயிற்றை ஸ்கேன் எடுக்கும் குழப்பம் இப்படித்தான் வருகிறது.

சுருக்கமாக: நுரையீரலுக்கு வலி தெரியாது, சுவர்ப் படலத்துக்குத் தெரியும். அது அசையும்போதெல்லாம் குத்தும். சில நேரம் வேறு முகவரி காட்டும்.

## வலி போனது, ஆனால்…

36 வயதுக்காரர் ஒருவரை வைத்துக்கொள்வோம். நான்கு நாள் காய்ச்சல், இருமல். ஐந்தாம் நாள் விடியற்காலையில் படுக்கையில் புரளும்போது வலது பக்கக் கீழ் விலாவில் சுருக்கென்று ஒரு குத்து. எழுந்து உட்கார்ந்து மூச்சை இழுத்துப் பார்க்கிறார், பாதியிலேயே நின்றுவிடுகிறது. மருத்துவர் கேட்டுப் பார்த்துவிட்டு அங்கே உரசல் ஒலி இருப்பதாகச் சொல்கிறார். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் நிமோனியா. ஆன்டிபயாடிக்கும் வலி மாத்திரையும் கொடுத்து மூன்று நாளில் திரும்ப வரச் சொல்கிறார்.

மூன்றாம் நாள் காலை வலி கிட்டத்தட்ட இல்லை. மனிதருக்கு ஒரே சந்தோஷம். சரியாகிவிட்டது, இனி எதற்கு மருத்துவர் என்று போகவில்லை, மாத்திரையையும் நிறுத்திவிட்டார். இன்னும் மூன்று நாள் கழித்து மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மாலையில் காய்ச்சல் திரும்ப வந்துவிட்டது. ராத்திரி இரண்டு தலையணை இல்லாமல் படுக்க முடியவில்லை. குத்தல் மட்டும் இல்லை.

என்ன நடந்தது? அழற்சியால் படலத்தின் ரத்தக் குழாய்கள் அதிகமாகக் கசிந்தன, ஃபைப்ரினும் குப்பையும் வடிகால்களை அடைத்தன. இரண்டு டீஸ்பூனுக்கும் குறைவாக இருந்த திரவம் நூற்றுக்கணக்கான மில்லிலிட்டராகப் பெருகி, இரண்டு படலங்களையும் பிரித்துவிட்டது. ஒன்றையொன்று தொடாத பரப்புகள் எப்படி உரசும்? உரசல் நின்றது, குத்தலும் அடங்கியது. அழற்சி நிற்கவில்லை. அந்தத் திரவம் நுரையீரலை வெளியிலிருந்து அமுக்குவதால் இப்போது மூச்சு வாங்குகிறது. உரசும் நிலையை உலர் புளூரிசி என்பார்கள். திரவம் சேர்ந்துவிட்ட நிலைக்கு நீர்கோப்பு என்று பெயர்.

எல்லா உலர் புளூரிசியும் நீர்கோப்பில் போய் முடிவதில்லை. வைரஸால் வரும் பல புளூரிசிகள் சில நாளிலிருந்து ஓரிரு வாரத்துக்குள் தானாக ஆறிவிடும், அப்போது வலி போவது நிஜமாகவே நல்ல செய்திதான். இரண்டையும் பிரித்துக் காட்டுவது மூச்சு. வலியும் போய், ஆழமாக மூச்சு இழுக்கவும் முடிகிறது, காய்ச்சலும் இல்லை என்றால் ஆறுகிறது. வலி போய் மூச்சு வாங்கினால் திரவம் சேர்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

மருத்துவமனைக்குப் போனதும் மருத்துவர் செய்யும் முதல் காரியம் முதுகில் விரல் வைத்துத் தட்டிப் பார்ப்பது. காற்றுள்ள நுரையீரல் மேளம்போல் அதிரும். திரவம் இருந்தால் கல்லைத் தட்டியதுபோல் மொட்டையாக ஒலிக்கும். 1761-இல் இந்த முறையை எழுதி வெளியிட்ட ஆஸ்திரிய மருத்துவர் லியோபோல்ட் அவுன்ப்ருக்கர் ஒரு விடுதிக்காரரின் மகன். பீப்பாயில் எவ்வளவு மது மிச்சம் இருக்கிறது என்று அப்பா தட்டிப் பார்ப்பதைச் சிறுவயதில் கவனித்ததாகச் சொல்வார்கள். கதை உண்மையோ இல்லையோ, தத்துவம் அதேதான்.

எக்ஸ்ரே எடுத்தால், நெஞ்சின் கீழ் ஓரத்தில் கூர்மையாக இருக்க வேண்டிய மூலை மழுங்கியிருக்கும். ஆனால் நின்றபடி நேராக எடுக்கும் படத்தில் இது தெரிய ஏறக்குறைய 200 மில்லிலிட்டர் திரவமாவது சேர்ந்திருக்க வேண்டும். அதற்கும் குறைவான அளவை அல்ட்ராசவுண்ட் காட்டிவிடும். முதல் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது என்பதை வைத்து நிம்மதியாக இருந்துவிட முடியாது என்பதற்கு இது ஒரு காரணம்.

இந்த இடத்தில் நம்மவருக்கு ஊசி. முதுகுப் பக்கத்தில் மரக்கச் செய்து, இரண்டு விலாக்களுக்கு நடுவே, கீழ் விலாவின் மேல் ஓரத்தை ஒட்டி ஊசியைச் செலுத்துகிறார்கள். ஒவ்வொரு விலாவின் கீழ் ஓரத்திலும் ரத்தக் குழாயும் நரம்பும் ஓடுவதால் அதைத் தவிர்க்கத்தான் இந்தக் கவனம். வந்தது 900 மில்லிலிட்டர், மஞ்சளாக, லேசான கலங்கலாக. பொதுவாக ஒரே தடவையில் ஒன்றரை லிட்டருக்கு மேல் எடுக்க மாட்டார்கள், அமுங்கிக் கிடந்த நுரையீரல் திடீரென்று விரிந்தால் அதற்குள்ளேயே நீர் கசியும் ஆபத்து உண்டு. எடுத்த திரவத்தில் ஒரு பகுதி சோதனைக்குப் போகிறது: புரதம் எவ்வளவு, அமிலத்தன்மை எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, கிருமி இருக்கிறதா, காசநோயா. கெட்டியான சீழாக வந்திருந்தால் ஊசி போதாது, நாட்கணக்கில் ஒரு குழாயை வைத்து வடிக்க வேண்டியிருக்கும்.

## காரணம் எது என்பதுதான் கேள்வி

புளூரிசி என்பது காய்ச்சல் மாதிரி, அது முழு விடை அல்ல. ‘எதனால்?’ என்று அடுத்து கேட்க வேண்டும். வைரஸ், நிமோனியா, காசநோய் இவை வழக்கமானவை. லூபஸ் போல உடல் தன்னையே தாக்கிக்கொள்ளும் நோய்களும் புற்றுநோயும் பட்டியலில் உண்டு. அவசரமானது இன்னொன்று: காலின் ஆழமான ரத்தக் குழாயில் உறைந்த ரத்தக் கட்டி கழன்று போய் நுரையீரல் குழாயை அடைப்பது. அடைபட்ட விளிம்புப் பகுதி பாதிக்கப்பட்டு, அதை ஒட்டிய படலம் அழற்சியாகி, அதே சுருக்கென்ற குத்தல் வரும். காய்ச்சலோ இருமலோ பெரும்பாலும் முன்னால் இருந்திருக்காது. நீண்ட பயணம், அறுவைச் சிகிச்சை, பிரசவம் ஆகியவற்றுக்குப் பிறகு, அல்லது ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கும்போது திடீரென்று இப்படிக் குத்தினால் ‘வாயு’ என்று சொல்லிக் காத்திருக்கக் கூடாது, உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இந்த வாயு என்ற சொல்மீது எனக்கு ஒரு கோபம் உண்டு, எல்லாக் கதவையும் மூடிவிடுகிறது.

மாரடைப்பு வலி வேறு மாதிரி: நடு நெஞ்சில் பாரம் வைத்ததுபோல், கைக்கோ தாடைக்கோ பரவும், மூச்சோடு ஏறி இறங்காது. விலாத் தசைப் பிடிப்பும் மூச்சோடு வலிக்கும், ஆனால் அந்த இடத்தை விரலால் அழுத்தினாலே அதே வலி வரும். இவை நூற்றுக்கு நூறு பிரித்துக் காட்டும் விதிகள் அல்ல. மூச்சு வாங்குவது, மயக்கம், இருமினால் ரத்தம் இவற்றில் எது சேர்ந்தாலும் வீட்டில் உட்கார்ந்து ஆராய்ச்சி வேண்டாம்.

சிகிச்சையும் இதன்படியே போகிறது. பாக்டீரியா நிமோனியா என்றால் ஆன்டிபயாடிக், காசநோய் என்றால் அதற்கான பல மாத மருந்து, ரத்தக் கட்டி என்றால் உறைவதைத் தடுக்கும் மருந்து. வலிக்கு ஐபூப்ரோஃபென் போன்ற, அழற்சியையும் சேர்த்துக் குறைக்கும் மாத்திரைகள். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இவற்றைத் தானாக வாங்கிப் போடக் கூடாது. வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வதில் பெருமையும் இல்லை. பயந்து பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாமல் சுருங்கி, சளி தேங்கும். இருமும்போது வலிக்கிற பக்கத்தில் ஒரு தலையணையை அணைத்து அழுத்திக்கொண்டால் குத்தல் கொஞ்சம் அடங்கும்.

நம்மவருக்கு வருவோம். திரவத்தை எடுக்கும்போதே தொடர்ந்து இருமல் வந்தது, நுரையீரல் விரிகிறது என்று அர்த்தம். மூச்சு லேசானது. அன்று ராத்திரி புரண்டு படுத்தபோது வலது விலாவில் மறுபடி சுருக்கென்றது. பதறிப்போய் நர்ஸை அழைத்தார். காலையில் மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார், ஒரு வாரமாகக் காணாமல் போயிருந்த செருப்புச் சத்தம் அங்கே திரும்ப வந்திருந்தது. மூச்சைப் பிடிக்கச் சொன்னார், நின்றது. விரிந்த நுரையீரல் சுவரை மறுபடி எட்டிப் பிடித்திருக்கிறது. வலி மாத்திரையைத் தொடரச் சொல்லிவிட்டு, மறுநாள் ஒரு எக்ஸ்ரேவுக்கு எழுதிக் கொடுத்தார்.